நீக்கமும் காரணமும்

ஒரே தெருவில் வாழும் குடும்பங்கள் வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் குழு அமைத்துக்கொள்வது இன்று இயல்பாகிவிட்டது. குடிநீர் வரும் நேரமும் மின்தடை அறிவிப்பும் பகிரப்படும் அக்குழுவில், நாளடைவில் வேண்டாத செய்திகளும் வரத் தொடங்கும். உடனே பொறுப்பாளர், 'தேவையற்ற செய்திகள் நீக்கப்படும்' என விதி எழுதுவார். தாம் அனுப்புவது தேவையற்றது என்று எவரும் எண்ணுவதில்லை ஆதலால், அவ்விதி யாரையும் தடுப்பதில்லை.

குழந்தை கடத்தல் பற்றிய வதந்தியைச் சான்றாகக் கொள்வோம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோயிலுக்கு வந்த முதிய பெண் ஒருவர் குழந்தை கடத்துபவர் என ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய வதந்திகள் அப்போது புலனத்தின் வழியே பரவியிருந்தன. அவற்றைப் பகிர்ந்தோருள் பலர் தீயவர் அல்லர். பிள்ளைகளைக் காக்க எண்ணியவர்களே. எனவே 'வதந்தி நீக்கப்படும்' என்னும் விதியும் இங்குப் பயன்படாது. அனுப்புபவருக்கு அது வதந்தியாகத் தோன்றுவதில்லை.

விதி, அனுப்புபவரின் எண்ணத்தை அளவிடாமல், செய்தியில் கண்ணுக்குத் தெரிவதை அளவிட வேண்டும். அதனை இவ்வாறு எழுதலாம்: 'கடத்தல், திருட்டு பற்றிய எச்சரிக்கையில் இடம், நாள், நேரில் கண்டவர் ஆகிய மூன்றும் இல்லையெனில் அது நீக்கப்படும், சரிபார்க்க வழியின்மையே காரணம். ஒருவரைக் குற்றவாளி என்று கூறி அவர் படத்தை இட்டால், இம்மூன்றும் இருப்பினும் நீக்கப்படும். தவறாக அடையாளங்காட்டப்பட்டவரின் உயிருக்கே ஊறு நேரலாம். ஐயம் இருப்பின் 112 என்னும் எண்ணில் காவல்துறைக்குத் தெரிவிக்கவும்.'

எழுதிய விதியை உண்மையான செய்திகளோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 'நம் ஊரில் கடத்தல் கும்பல் நுழைந்துவிட்டது, எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்பது நீக்கப்படும். 'நேற்று மாலை பள்ளி வாயிலில் என் மகளை ஒருவர் வண்டியில் ஏறச் சொன்னார். நான் நேரில் பார்த்தேன்' என்பது நிற்கும். இரண்டாவதையும் நீக்கிவிடும் விதி பிழையானது. அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

பொறுப்பாளர் ஒரு செய்தியை நீக்கினால், அது நீக்கப்பட்டது என்னும் குறிப்பு மட்டுமே குழுவில் எஞ்சும். காரணம் அதில் இராது. அந்த மௌனத்தை உறுப்பினர் பகைமையாகவும் ஒருதலைச் சார்பாகவும் கொள்வர். ஆகவே, 'இடமும் நாளும் இல்லாமையால் நீக்கப்பட்டது; அவற்றைச் சேர்த்து மீண்டும் அனுப்பலாம்' என்று உடனே எழுதுதல் நன்று. அனுப்பியவரின் பெயரைச் சுட்ட வேண்டியதில்லை.

நீக்கத்திற்கும் எல்லை உண்டு. அதற்குள் பிற குழுக்களுக்கு அனுப்பப்பட்ட படிகள் அழிவதில்லை. அதனால் கடத்தல் வதந்தியை நீக்கும்போது, அது உறுதிசெய்யப்படாதது என்பதையும் குழுவில் எழுதி, ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் அங்கும் அதனைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.