ஃபார்மலின் ஜாடியில் இல்லாத ஃபார்மால்டிஹைடு

வைத்தியக் கல்லூரிகளின் உடற்கூற்றுச் சாலைகளிலே இறந்த உறுப்புகளை ஆண்டுக்கணக்கில் அழுகாமல் காத்து நிற்கும் ஃபார்மலின் என்ற திரவத்தை, ஃபார்மால்டிஹைடு வாயுவை நூற்றுக்கு ஏறக்குறைய 37 பங்கு எடை சேருமாறு ஜலத்தில் கரைத்துத் தயாரிக்கிறார்கள் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அந்தப் புட்டிக்குள்ளே ஃபார்மால்டிஹைடைத் தேடிப் போகிறவன் அநேகமாக வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். நகப்பூச்சை அழிக்க உதவும் அஸிட்டோனை அதே ஜலத்தில் எவ்வளவு கலந்தாலும் அது அஸிட்டோனாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே வம்சத்தைச் சேர்ந்த பதார்த்தங்கள். இரண்டிலும் ஒரு கார்பன் அணு ஓர் ஆக்ஸிஜன் அணுவோடு இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. அப்படியிருக்க, ஜலம் ஒன்றை விழுங்கி மற்றதை விட்டுவைப்பது ஏன்?

அந்த இரட்டைப் பிணைப்பில் எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் பக்கமாகவே சாய்ந்து நிற்பதால், கார்பன் சற்று வறுமைப்பட்டு, எலெக்ட்ரான் உள்ள எதையும் வரவேற்கும் நிலையில் இருக்கிறது. ஜல மூலக்கூறின் ஆக்ஸிஜன் அங்கே வந்து பற்றிக்கொள்ள, ஒரு ஹைட்ரஜனும் இடம் மாற, முடிவில் ஒரே கார்பனின்மேல் இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதிகள் அமர்ந்துவிடுகின்றன. இதுவே ஹைட்ரேட். இது ஒருவழிப் பாதையன்று. உண்டான ஹைட்ரேட் ஜலத்தை உதறிவிட்டுப் பழைய ரூபத்துக்குத் திரும்பிக்கொண்டும் இருக்கும். எனவே எது எவ்வளவு என்பதைச் சமநிலையே நிர்ணயிக்கிறது. ஃபார்மால்டிஹைடில், ஹைட்ரேட்டாக மாறாதது ஒன்று என்றால் மாறியது ஏறக்குறைய 2000. ஒரு மெதில் தொகுதி கூடிய அஸிட்டால்டிஹைடில் இரண்டும் சரிபாதி. இரண்டு மெதில் தொகுதிகள் உள்ள அஸிட்டோனிலோ, ஹைட்ரேட் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

ஆக, ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மெதில் வந்து அமர்வதுதான் வித்தியாசம். மெதில் தன் எலெக்ட்ரான்களில் கொஞ்சத்தைக் கார்பனுக்கு ஈந்து அதன் வறுமையைத் தணிக்கிறது. வறுமை தணிந்த கார்பனுக்கு ஜலத்தின் உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. இதனோடு இடநெருக்கடியும் சேருகிறது: தட்டையாக, 120 பாகை இடைவெளியில் விரிந்திருந்த தொகுதிகள், ஹைட்ரேட்டிலே 109 பாகையளவுக்கு நெருங்கி நிற்க வேண்டும். சிறிய ஹைட்ரஜனுக்கு அது ஒரு பொருட்டல்ல, மெதிலுக்கு அது துன்பம்.

இவ்விரு காரணங்களில் எது வலிது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை மிக அழகான விடை ஹெக்ஸாஃப்ளூரோ அஸிட்டோன் என்ற பதார்த்தத்தில் இருக்கிறது. அஸிட்டோனின் ஆறு ஹைட்ரஜன்களுக்கும் பதிலாக ஃப்ளூரினை வைத்தால், பக்கத் தொகுதிகள் முன்னிலும் பருத்துவிடுகின்றன. நெருக்கடியே பிரதானமென்றால் ஹைட்ரேட் இன்னும் குறைந்திருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு: எலெக்ட்ரானை இழுக்கும் ஃப்ளூரின் கார்பனை மேலும் வறுமையாக்க, ஹைட்ரேட் ஃபார்மால்டிஹைடையும் பல நூறு மடங்கு மிஞ்சிவிடுகிறது. எலெக்ட்ரானின் கையே ஓங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அஸிட்டோனின் அற்ப ஹைட்ரேட் கற்பனையன்று என்பதை 1938-இல் மில்ட்ரெட் கோன், ஹெரால்ட் யூரே ஆகிய இருவரும் காட்டினார்கள். ஆக்ஸிஜன்-18 என்ற கனத்த ஆக்ஸிஜன் மிகுந்த ஜலத்தில் அஸிட்டோனை இட்டுவைத்தால், அந்தக் கனத்த ஆக்ஸிஜன் அஸிட்டோனுக்குள் குடியேறிவிடுகிறது. சிறிது அமிலமோ காரமோ இருந்தால் இது விரைவுபடும். இரண்டு ஆக்ஸிஜன்களும் ஒரே கார்பனில் சேர்ந்திருந்த ஒரு கணம் உண்டாகி, பழையது வெளியேறியிருந்தாலொழிய இவ்விதம் நேராது.

ஃபார்மலினிலே ஹைட்ரேட் வெறுமனே இருப்பதுமில்லை. அதன் மூலக்கூறுகள் ஜலத்தை உதறி ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. சங்கிலி நீண்டுவிட்டால் பாராஃபார்மால்டிஹைடு என்ற வெண்ணிறத் துகளாக, குளிர்ந்த அறையில் வைத்த புட்டியின் அடியில் படிந்துவிடும். இதைத் தடுக்கவே நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு மெதனால் சேர்க்கிறார்கள். அடியில் வெண்படிவு கண்ட புட்டியின் மேல்திரவம் லேபிளில் எழுதிய வலுவோடு இராது. நீர்த்த ஃபார்மலினில் இட்ட மாமிசத்துண்டுக்குள் திரவம் விரைவாக ஊறிவிட்டாலும், புரதங்களைப் பிணைத்து இறுக்கும் வேலை பல மணி நேரம் இழுப்பதற்கும் காரணம் இதுவே: உள்ளே ஊறியது ஹைட்ரேட், புரதத்தோடு வினைபுரிவதோ, அதிலிருந்து சிறிது சிறிதாக விடுபடும் ஃபார்மால்டிஹைடு. விடுபட்டது செலவாகச் செலவாக, சமநிலை குலையாதிருக்கும் பொருட்டு ஹைட்ரேட் மேலும் சிறிது பிரிந்து கொடுக்கிறது.