கடையைக் கொடுத்த பிறகு மாதம் எவ்வளவு வரும்?

மளிகைக் கடைக்காரருக்கு பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. “கடை இருக்கிறது, முடியாத காலத்தில் கைமாற்றி விட்டால் ஒரு தொகை வரும், அந்த வட்டியில் காலத்தை ஓட்டிவிடலாம்” என்பதுதான் பலருடைய நம்பிக்கை. அந்தத் தொகை எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நாம் போட்டுப் பார்ப்போம்.

திருச்சி போன்ற ஓர் ஊரில், வாடகைக் கட்டடத்தில் நடக்கும் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்கு 60 வயது முடிந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். மாத விற்பனை 7.5 லட்சம். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் நிற்கும் என்றால் 90,000 ரூபாய். வாடகை 18,000, இரண்டு ஆட்களின் சம்பளம் 26,000, கரண்ட் பில்லும் சில்லறைச் செலவும் 11,000 போனால், கையில் நிற்பது 35,000. இதைத்தான் அவர் “லாபம்” என்று சொல்லி வருகிறார்.

ஆனால் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து வரை கல்லாவில் இருப்பது அவரே. அந்த இடத்தில் நம்பிக்கையான ஒருவரை உட்கார வைத்தால் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். ஆகவே கடை சம்பாதிப்பது 15,000. மீதி அவருடைய உழைப்புக்கான கூலி. அவர் எழுந்துபோகும் நாளில் கூலியும் அவரோடு போய்விடும், அதை யாருக்கும் விற்க முடியாது. பேரம் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விற்பவர் 35,000 தரும் கடைக்கு விலை சொல்கிறார், வாங்குபவர் 15,000 தரும் கடைக்கு விலை கேட்கிறார்.

இனி விலைக்கு வருவோம். கணக்கில் 8 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. அலமாரியின் பின்வரிசையில் கையை விட்டுப் பார்த்தால் தேதி முடிந்த மசாலா பாக்கெட், ஓடாத சோப்பு, வண்டு வைத்த பயறு எல்லாம் வெளியே வரும். கழித்துப் பார்த்தால் 6.7 லட்சம்தான் தேறும். ரேக், ஃப்ரிட்ஜ், எலெக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 1.7 லட்சம். ஐஸ்கிரீம் கம்பெனி வைத்துவிட்டுப் போன ஃப்ரீசர் கம்பெனியின் சொத்து, அதை விலையில் சேர்க்கக் கூடாது. வாடிக்கைக்கும் இடத்துக்குமான குட்வில், கடையின் ஓராண்டு உண்மை லாபம் என்று பிடித்தால் 1.8 லட்சம். கட்டட உரிமையாளரிடம் உள்ள அட்வான்ஸ் 1.8 லட்சம். ஆக 12 லட்சம். இதில் ஏஜென்சிகளுக்கும் மொத்தக் கடைக்கும் தர வேண்டிய பாக்கி 2 லட்சத்தை அடைத்தால் கையில் நிற்பது 10 லட்சம். கடன் நோட்டில் இருக்கும் வாடிக்கையாளர் பாக்கியை விலையில் சேர்க்காமல், கடையில் இருக்கும்போதே வசூலித்துவிடுவது நல்லது. கல்லாவை விட்டு எழுந்த ஆளுக்குப் பழைய பாக்கி எளிதில் திரும்பாது.

இந்த 10 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயது முடிந்த ஒருவர் 30 லட்சம் வரை போட அனுமதி உண்டு. 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதம் ஆக்கப்பட்டது. புதிய டெபாசிட்டுக்கான வட்டியை அரசு மாற்றலாம், ஆனால் போட்ட நாளின் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. 8.2 என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 6,800 சொச்சம். இதுவரை 35,000-ல் நடந்த குடும்பம் இனி இதில் நடக்க வேண்டும். விலைவாசி ஏறும், இந்த வட்டி ஏறாது.

இந்தக் கணக்கு தெரியவரும்போதுதான் மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி தருவதாகச் சொல்லும் ஆட்களின் பேச்சு காதில் இனிக்கிறது. அப்படி நம்பிப் போட்டவர்களின் பணம் மொத்தமாகப் போனதால்தான் தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வழி வேறு இடத்தில் இருக்கிறது. 50 வயதிலிருந்தே மாதம் 5,000 ரூபாயைக் கடைக் கணக்கில் கலக்காமல் தனியே போட்டு, 7 சதவீத வட்டி கிடைத்திருந்தால், 60-ல் அது ஏறக்குறைய 8.6 லட்சம் ஆகியிருக்கும். கடைத் தொகையோடு சேர்த்தால் மாத வருமானம் 12,700. கடையை விற்ற பணம் பாதி, சேமித்த பணம் பாதி என்று நினைத்தால்தான் இது நடக்கும். கட்டடமும் சொந்தம் என்றால் நிலைமையே வேறு. வியாபாரத்தை மட்டும் விற்றுவிட்டு, கட்டடத்தை வாடகைக்கு விட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, யாருக்கு விற்பது? பதினைந்து ஆண்டாகக் கூடவே இருந்து, எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு என்று தெரிந்த கடை ஆள்தான் பல நேரங்களில் பொருத்தமானவர். வாடிக்கை கலையாது. ஆனால் அவரிடம் பணம் இருக்காது. “அண்ணாச்சி, மூன்றரை லட்சம் வைத்திருக்கிறேன், மீதியை மாதாமாதம் தந்துவிடுகிறேன்” என்பார். முழுவதையும் தவணைக்கு விடாதீர்கள். முத்ரா திட்டத்தில் வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. சரக்குக்கும் சாமானுக்குமாக 6.5 லட்சம் அவர் பெயரில் வாங்கினால், ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 14,000 வரும். மீதி 2 லட்சத்தை 24 மாதத்தில் கேட்டால் அவருக்கு மிஞ்சுவது 12,700, வாங்கிக்கொண்டிருந்த 13,000 சம்பளத்தைவிடக் குறைவு. அவர் தவணையைத் தவறவிடுவார், அது அவர் குற்றமாகாது. 36 மாதமாக்கினால் 15,400 நிற்கும், தாக்குப்பிடிப்பார். அந்த 2 லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதி, ஒவ்வொரு தவணையையும் அதன் பின்புறம் வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். புரோநோட்டின் மூன்று ஆண்டுக் காலக்கெடு கடைசி வரவுக் கையெழுத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

பேச்சைத் தொடங்கும் முன்பே கட்டட உரிமையாளரைப் பார்த்துவிட வேண்டும். அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கடையை இன்னொருவரிடம் விடுவது, 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி செல்லாது. வாங்குபவர் பெயரில் புதிய ஒப்பந்தம் போட்டு அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கடைசி இடத்தில். சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள், காகிதங்களைத் தங்கள் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். “நம்ம பையன்தானே” என்று ஜிஎஸ்டி எண்ணும், கியூஆர் அட்டையும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் பழைய பெயரில் ஓடுகின்றன. ஜிஎஸ்டி எண் பான் எண்ணோடு கட்டப்பட்டது, விற்க முடியாது. அவர் புது எண் எடுக்க வேண்டும், நீங்கள் உங்கள் எண்ணை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை அவர் கட்டாத வரிக்கும் அபராதத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கே வரும். நடக்கும் தொழிலாக முழுக் கடையையும் மொத்தமாகக் கைமாற்றினால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை, சரக்கை மட்டும் தனியே விற்றால் உண்டு. குட்வில் தொகைக்கான வருமான வரியும் ஒப்பந்தம் எழுதும் விதத்தைப் பொறுத்தது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் போங்கள்.

உங்களுக்கு 50 வயது ஆகிவிட்டது என்றால் இந்த மாதக் கணக்கை முடிக்கும்போது ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்: என் கூலி 20,000. அதைக் கழித்த பின் நிற்கும் தொகைதான் உங்கள் கடையின் லாபம். தனிச் சேமிப்பை அந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.