ஓய்வும் பயிற்சியே

நுழையும்முன்

மாவட்டத் தடகளப் போட்டி நெருங்க நெருங்கக் கூடுதலாக ஓடவேண்டும் என்னும் எண்ணம் மாணவர்க்கு இயல்பாக எழுகிறது. கூடுதல் ஓட்டமே வேகத்தைக் குறைத்துவிடும் நிலையும் உண்டு. அந்நிலை எவ்வாறு தோன்றுகிறது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

800 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. 2 நிமிடம் 30 நொடியில் தூரத்தைக் கடப்பவள் அவள். வாரத்தில் ஆறு நாள்கள் பயின்று வந்தவள், போட்டியை எண்ணி ஞாயிற்றுக்கிழமையும் ஓடத் தொடங்குகிறாள். இரவு பதினொன்றரை வரை படிப்பு. விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து மைதானம். உறக்கம் ஐந்தே கால் மணி நேரமே. இரண்டு வாரம் கழித்து அவளது நேரம் 2 நிமிடம் 36 நொடியாகிறது. பயிற்சி போதவில்லை என்று கருதி அவள் மேலும் ஓடுகிறாள். பிழை இங்கேதான் நிகழ்கிறது.

கடும் ஓட்டத்தின்போது உடல் வலிமை பெறுவதில்லை, களைப்படைகிறது. தசையிழைகளில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. தசைகளில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் குறைகிறது. பின்னர் வரும் ஓய்வில்தான் உடல் அக்கிழிவுகளைச் செப்பனிட்டு, முன்னினும் உறுதியாகத் தசையைக் கட்டுகிறது. குறைந்த கிளைக்கோஜன் மீண்டும் நிறைய, போதிய உணவு உண்டாலும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பழக்கமற்ற கடும்பயிற்சியால் வரும் தசைவலி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைவதும் இச்சீரமைப்பு நடைபெறுவதன் அறிகுறியே. இப்பணி முடியுமுன் மீண்டும் கடுமையாக ஓடினால், கட்டி முடியாத சுவரின்மேல் பாரம் ஏற்றியதாகும்.

இச்சீரமைப்பில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் பயின்ற அசைவுகள் மூளையில் ஊன்றுவதும் உறக்கத்தில்தான். பதின்பருவத்தினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள், சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றனர். அதன்பின் அவர்களது ஓட்டவேகமும் பந்தெறியும் துல்லியமும் கூடியதாக 2011இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. எனினும் பதினொருவரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

நம் மாணவியிடம் அவளுடைய உடற்கல்வி ஆசிரியர் ஒரு குறிப்பேட்டைத் தருகிறார். விழித்தவுடன், படுக்கையைவிட்டு எழுமுன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதவேண்டும். உறங்கிய நேரத்தையும் குறிக்கவேண்டும். கடும்பயிற்சிக்கு முன்பு எடுத்த அளவு 62. இப்போது தொடர்ந்து மூன்று நாள்கள் 70, 71, 71. ஒருநாள் உயர்வு பொருட்படுத்தத்தக்கதன்று. வெப்பமும் நீர்க்குறைவும் காய்ச்சலும்கூடத் துடிப்பை உயர்த்தும். ஆனால் தொடர்ந்த உயர்வும், குறையும் வேகமும், உறக்கமின்மையும், எரிச்சலும் ஒருங்கே தோன்றின், உடல் மீளவில்லை எனக் கொள்ளலாம்.

ஆசிரியர் பயிற்சியை மாற்றுகிறார். ஞாயிறு முழு ஓய்வு. புதன்கிழமை அரைமணி நேர மெல்லோட்டம் மட்டும். கடும்பயிற்சி நாள்கள் இரண்டு அடுத்தடுத்து வரா. காலைப் பயிற்சி மாலைக்கு மாறுகிறது. இரவு ஒன்பதரைக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுகிறாள். மாலைக்குப்பின் தேநீர் இல்லை. பத்து நாளில் துடிப்பு 63க்கு இறங்குகிறது. நேரமும் 2 நிமிடம் 29 நொடியாகிறது.

இறுதிப் பத்து நாள்களில் தூரம் மட்டும் பாதியாகிறது, வேகம் குறைவதில்லை. எட்டுமுறை ஓடிய 200 மீட்டரை, அதே வேகத்தில் நான்குமுறை ஓடுகிறாள். வேகத்தையும் குறைத்தால் கால்கள் போட்டி வேகத்தை மறந்துவிடும். போட்டிக்கு முந்தைய இரவில் பதற்றத்தால் உறக்கம் கெடுவது பலர்க்கும் நேர்வதே. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நன்கு உறங்கியிருந்தால், அவ்வோர் இரவு பெரிதும் பாதிப்பதில்லை.

ஓய்வுநாள் எல்லாவற்றையும் தீர்ப்பதன்று. கீழ்க்கால் எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்து, ஓடாதபோதும் அவ்வலி நீடிப்பின், அது எலும்பில் ஏற்பட்ட நுண்முறிவாக இருக்கலாம். இரு வார ஓய்வுக்குப் பின்னும் களைப்பு நீங்காமையும் அத்தகையதே. இவ்விரண்டிற்கும் மருத்துவரை நாடுதல் வேண்டும். அப்போது நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்க; களைப்பு எந்நாளில் தொடங்கியது என்பதை அது காட்டும்.