மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ‘ஆறாம் வகுப்பு’ மதிப்பெண்

அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து பொதுத்தரத் தேர்வின் அறிக்கை வீட்டுக்கு வந்தால், பெற்றோரின் கண் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் GE என்ற கட்டத்தில்தான். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குக் கணிதத்தில் 6.1 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஆண்டைப் பத்து மாதமாகக் கொண்டு எழுதும் கணக்கு இது. ஆறாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆன மாணவரின் நிலை என்று பொருள். பக்கத்திலேயே PR என்ற கட்டத்தில் 94 என்று இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? மறுநாளே பள்ளிக்குப் போய், “இவளுக்கு இங்கே படிக்க ஒன்றுமில்லை, மேல் வகுப்புக்கு ஏற்றிவிடுங்கள்” என்று கேட்பார்கள்.

அந்த 6.1 எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இந்த ஆசை கொஞ்சம் அடங்கும். புரிவதற்காக எண்களை நானே இட்டுக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புப் பாடத்தை வைத்து 40 கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாராகிறது. தேர்வை நடத்தும் நிறுவனம் அதே தாளை ஒரே அக்டோபர் மாதத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்கள் பல ஆயிரம் பேருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவர் வாங்கியதை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகுப்பில் அது 14, மூன்றாம் வகுப்பில் 22, நான்காம் வகுப்பில் 28. ஆகவே 14 வாங்கினால் 2.1; 22 வாங்கினால் 3.1, 28 வாங்கினால் 4.1.

உண்மையில் அளந்தது இந்த மூன்று புள்ளிகளை மட்டும்தான். இடையில் இருப்பவற்றுக்குக் கோடு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். 18 மதிப்பெண் 14-க்கும் 22-க்கும் நடுவில் விழுகிறது, ஆகவே 2.6. அந்த மாதத்தில் யாரும் தேர்வே எழுதவில்லை என்பது வேறு விஷயம். 28-க்கு மேலே போனால் கோட்டை அதே போக்கில் நீட்டிவிடுகிறார்கள்: ஐந்தாம் வகுப்புக்காரர் எழுதியிருந்தால் 31 வாங்கியிருப்பார், ஆறாம் வகுப்புக்காரர் 33 வாங்கியிருப்பார் என்று ஒரு மதிப்பீடு.

நம் பெண் வாங்கியது 33. அதனால்தான் 6.1.

அதாவது, ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் உட்கார்ந்து *மூன்றாம் வகுப்புத் தாளை* எழுதினால் ஏறக்குறைய எத்தனை சரியாகப் போடுவாரோ, அத்தனையை இவள் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் செய்தி. ஆறாம் வகுப்பில் வரும் விகிதமோ, குறை எண்களோ அந்தத் தாளில் ஒரு கேள்வியாகக்கூட இல்லை. அவற்றை இவள் போடுவாள் என்றோ போடமாட்டாள் என்றோ சொல்ல அந்தத் தாளுக்கு வழியே கிடையாது. தன் வகுப்புப் பாடத்தில் கவனப்பிசகு இல்லாமல் எழுதியிருக்கிறாள், கெட்டிக்காரி. PR கட்டத்தின் 94 சொல்வதும் இதையே: அவள் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரை எடுத்தால் சுமார் 94 பேரைவிட மேலே நிற்கிறாள். இதுதான் பெர்சன்டைல். நூற்றுக்கு 94 மதிப்பெண் என்று இதைப் படித்துவிடக் கூடாது. அவள் சரியாகப் போட்டது 40-க்கு 33.

மேலே போகப் போகப் படிகள் குறுகிக்கொண்டே வருவதையும் கவனியுங்கள். இரண்டிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஏற எட்டு கேள்வி வேண்டியிருந்தது. ஐந்திலிருந்து ஆறுக்கு இரண்டே கேள்வி. ஜனவரியில் அதே தரத்தில் இன்னொரு தாள் எழுதுகிறாள். கூட்டலில் ஒன்று, கடிகாரக் கணக்கில் ஒன்று என இரண்டு தவறிவிடுகிறது. மதிப்பெண் 31, GE 5.1. ஒரு வருடப் படிப்பு மூன்றே மாதத்தில் போய்விட்டதே என்று வீடு கலவரப்படும். போனது இரண்டு கேள்வி. எந்தத் தேர்விலும் அன்றைய தூக்கம், அன்றைய காய்ச்சல் அளவுக்கு இந்த ஏற்ற இறக்கம் இருக்கும்.

மேலே இருப்பவர்களுக்குக் கிடைப்பது வீண் பெருமை என்றால், கீழே இருப்பவர்களுக்குக் கிடைப்பது வீண் பயம், அது இன்னும் மோசம். அதே மூன்றாம் வகுப்பில் 18 வாங்கிய பையனின் GE 2.6. ‘வகுப்புத் தரத்துக்குக் கீழே’ என்று ஆகிவிட்டது. ஆனால் வகுப்புத் தரம் என்பதே நடுவில் நின்றவரின் மதிப்பெண்தானே? நடுவென்று ஒன்று இருந்தால், பாதிப் பேர் அதற்குக் கீழே இருந்தே தீர வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் வகுப்புத் தரத்துக்கு மேலே கொண்டுவருவோம் என்று இந்த எண்ணை வைத்துச் சபதம் செய்பவர்கள் நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறார்கள். இந்தப் பையனின் பெர்சன்டைல் 28 அளவில் வரலாம். சாதாரண எல்லைக்குள்தான் இருக்கிறான்.

இவன் வளர்ந்து எட்டாம் வகுப்புக்கு வருகிறான். நூறு பேரில் அதே இடத்திலேயே நிற்கிறான். படிகள் அங்கே மிகக் குறுகியவை என்பதால், நடுவிலிருந்து அதே நான்கைந்து கேள்வித் தூரம் இப்போது ‘இரண்டு மூன்று வருடம் பின்தங்கியிருக்கிறான்’ என்று அச்சாகும். பையன் சறுக்கவே இல்லை, அளவுகோல்தான் சுருங்கியது. இந்த இடைவெளி ஆண்டுக்காண்டு கூடுவதைப் பார்த்துத் தனிப்பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அறிக்கை அப்படித்தான் பேசுகிறது.

இதெல்லாம் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. வகுப்புச் சமன் மதிப்பெண்ணைக் கைவிடும்படி சர்வதேச வாசிப்புச் சங்கம் 1981-லேயே தீர்மானம் போட்டது. ஆனாலும் அது நீடிக்கிறது. பெற்றோருக்கு உடனே புரிகிற ஒரே எண் அதுதான் என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. புரிந்துவிட்டது போன்ற மயக்கம் என்றும் சொல்லலாம்.

இந்த மதிப்பெண்ணின் அண்ணன் வயதுச் சமன். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே 1908-ல் தன் சோதனைக் கேள்விகளை வயதுவாரியாக அடுக்கியதிலிருந்து அந்த வழக்கம் பரவியது. நம் ஊர் மருத்துவமனைகளில் பினே–காமத் சோதனையிலிருந்து ‘மன வயது’, வைன்லேண்ட் அளவுகோலின் இந்திய வடிவத்திலிருந்து ‘சமூக வயது’ என்று வருவது இதுவே. அறிக்கையில் 6-11 என்றிருந்தால் ஆறு வயது பதினோரு மாதம். அதைத் தசமமாகப் படித்து 6-2-ஐவிடக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு.

வயது எட்டாகிறது, சொல்வளச் சோதனையில் வயதுச் சமன் 6-11 என்று வந்தால் ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கல் போலத் தெரியும். அதே பக்கத்தில் 100-ஐ நடுவாக வைத்த தரப்படுத்திய மதிப்பெண் 90 என்றிருந்தால் கவலைக்கு இடமில்லை. 85 முதல் 115 வரை மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எண் 70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் கட்டாயம் பேச வேண்டியதுதான், வயதுச் சமன் என்னவாக இருந்தாலும்.

முப்பது வயது மகனைப் பற்றி “இவனுக்கு அஞ்சு வயசு மூளைதாம்மா” என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, வளர்ந்த ஆளுக்குப் பொம்மையும் குழந்தைப் பாட்டும் வாங்கித் தருகிற குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இல்லாத இருபத்தைந்து வருட அனுபவம் அவனுக்கு இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இல்லாத உடம்பும் வெட்கமும் கோபமும் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே மொத்த எண்ணிக்கைக்கு வெவ்வேறு கேள்விகளால் வந்து சேரலாம். வைன்லேண்ட் தாளைக் கேட்டு வாங்கி, எந்தெந்த வரியில் ‘செய்கிறான்’ என்று குறித்திருக்கிறது என்று பார்ப்பது மேல்: தானே குளிக்கிறானா, கடைக்குப் போய்ச் சொன்ன பொருளை வாங்கி வருகிறானா, பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போய்த் திரும்புகிறானா. அடுத்து எதைக் கற்றுத் தருவது என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது, அடியில் எழுதிய வயதில் இல்லை.