டெலிப்ராம்ப்டர் எழுத்துப்படியில் வரிப்பகுப்பும் மூச்சுக்குறியும்: நெல்லிவாசல்நாடு குறித்த ஒரு தொடரை முன்வைத்து

முன்னுரை

எழுதியதை வாசிக்கிறார் என்னும் உணர்வு கேட்பவருக்கு ஏற்படாதவாறு வாசிக்க உதவும் கருவி டெலிப்ராம்ப்டர். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு ஹியூபர்ட் ஷ்லாஃப்லி, இர்விங் கான், ஃபிரெட் பார்ட்டன் ஆகியோரின் முயற்சியால் உருவான இக்கருவி, தொடக்கத்தில் எழுத்துகள் அச்சிட்ட காகிதச் சுருளை நகர்த்தும் பெட்டியாகவே இருந்தது. இன்றைய வடிவில், ஒளிப்படக் கருவியின் கண்ணாடிவில்லைக்கு முன்னால் ஒரு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கிறது. அதன் கீழேயுள்ள திரையில் இடவலம் மாறித் தோன்றும் எழுத்துகள், கண்ணாடியில் பட்டு நேராகத் தெரிகின்றன. பேசுபவர் எழுத்தைப் பார்க்கும்போதே வில்லையையும் நேராகப் பார்க்கிறார்.

கருவி கண்ணின் திசையை மட்டுமே சரிசெய்கிறது. பேச்சின் இயல்பு எழுத்துப்படியைப் பொறுத்தது. ஆங்கில எழுத்துப்படிகளுக்கு வகுத்த நெறிகளை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. சொற்கள் ஒட்டி நீள்கின்றன. புணர்ச்சியால் சொல்லின் ஈறு மாறுகிறது. எனவே தமிழ் எழுத்துப்படியின் வரியைத் திரையின் அகலத்தைக் கொண்டன்றி, இலக்கண உறவையும் ஒலிக்கும் காலத்தையும் கொண்டு பகுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

வரி ஏன் குறுக வேண்டும்?

பேசுபவர் திரையிலிருந்து 2 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்க, வரியின் நீளம் 20 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். வரியின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை செல்லக் கண் ஏறத்தாழ 6 பாகை நகர வேண்டும். அண்மைக் காட்சியில் இந்நகர்வு பார்ப்பவருக்குப் புலப்பட்டுவிடும். கருவியை இன்னும் தொலைவில் வைத்தால் சிக்கல் தீரும் எனத் தோன்றலாம். ஆனால், தொலைவு கூடும்போது படிப்பதற்காக எழுத்தையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டியிருப்பதால், கண் நகரும் கோணம் முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. கோணத்தைக் குறைக்க உறுதியான வழி, ஒரு வரியில் உள்ள எழுத்துகளைக் குறைப்பதே ஆகும்.

தமிழில் இது வரிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்கள் என்னும் அளவில் அமைகிறது. யாப்பிலக்கணம் இருசீர் அடியைக் குறளடி என்றும் முச்சீர் அடியைச் சிந்தடி என்றும் வகுத்துள்ளமையால், இவ்வளவு தமிழ்ச் செவிக்குப் புதியதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் அடி முடியுமிடத்தில் பொருள் முடிய வேண்டுவதில்லை. அடுத்த அடிக்கும் அது தொடரலாம். டெலிப்ராம்ப்டர் வரியிலோ, அடுத்த வரியைக் காணும் முன்னரே பேசுபவர் குரலின் ஏற்ற இறக்கத்தை முடிவுசெய்துவிடுகிறார். எனவே வரியும் பொருட்கூறும் ஒருங்கே முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டுத் தொடர்

எழுத்து வழக்கில் இயல்பாக அமையும் பின்வரும் தொடரைக் காணலாம்:

திருப்பத்தூர் மாவட்டத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஊராட்சிகள் அமைந்துள்ள ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் வானாய்வகத்தில் நிறுவப்பட்டுள்ள 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி, 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டு, வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது.

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. கண்ணால் படிப்பவர் ஐயம் எழுந்தால் பின்னோக்கிச் சென்று மீண்டும் படிக்கலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எழுவாயாகிய ‘தொலைநோக்கி’ பதினேழாம் சொல்லாகவும், வினைமுற்று முப்பத்திரண்டாம் சொல்லாகவும் வருகின்றன. அதற்குமுன் மூச்சு வாங்க நேரும் பேசுபவர், ‘அமைந்துள்ள’ என்னும் பெயரெச்சத்தின் பின்னோ ‘விட்டமுடைய’ என்பதன் பின்னோ நிறுத்திவிடக்கூடும். பெயரெச்சம் தான் தழுவும் பெயரை எதிர்நோக்கி நிற்பதால், அங்கு நிறுத்தும் குரல் தடுமாறியதாகவே கேட்கும்.

மூச்சுக்குறி இடும் இடங்கள்

எழுத்துப்படியில் சிறு நிறுத்தத்தை ஒற்றைச் சாய்கோட்டாலும் (/), மூச்சு வாங்கும் இடத்தை இரட்டைச் சாய்கோட்டாலும் (//) குறிக்கலாம். எழுவாயின் பின்னும், வினையெச்சத் தொடரின் பின்னும், ‘என்று’ என்னும் இடைச்சொல்லின் பின்னும், அடுக்கி வரும் பெயர் ஒவ்வொன்றின் பின்னும் ஒற்றைக்கோடு பொருந்தும். இரட்டைக்கோடு வினைமுற்றின் பின்னோ பயனிலை நிறைவின் பின்னோ மட்டுமே வர வேண்டும். பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் இடையிலும், வேற்றுமை ஏற்ற பெயருக்கும் அதை உடனே கொள்ளும் வினைக்கும் இடையிலும் எக்குறியும் கூடாது.

இரட்டைக்கோடு வர வேண்டிய இடம் மிகத் தள்ளிச் சென்றால், குறியை முன்னே நகர்த்துவது தீர்வாகாது. தொடரையே இரண்டாக்க வேண்டும். மூச்சுக்குறி இவ்வகையில் தொடரின் நீளத்தை அளக்கும் கோலாகவும் பயன்படுகிறது.

புணர்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. ‘தொலைநோக்கிக்குச் / சூட்டிய’ என வரி பிரிந்தால், வரியின் இறுதியில் நிற்கும் ‘ச்’ பேசுபவரை இடறச் செய்யும். ஒற்று மிகுதல் நிலைமொழியும் வருமொழியும் இடைவிடாது ஒலிப்பதன் அடையாளம். மூச்சுக்குறி இடைவிட்டு ஒலிப்பதன் அடையாளம். இரண்டும் ஓரிடத்தில் நிற்க இயலா. எனவே ஒற்று மிகுந்த சொற்களை ஒரே வரியில் வைக்க வேண்டும். பிரித்தே ஆக வேண்டுமெனின், எழுத்துப்படியில் மட்டும் ஒற்றை நீக்கிவிடலாம்.

ஊர்ப்பெயரும் எண்ணும்

‘நெல்லிவாசல் நாடு’ என இடைவெளிவிட்டு உள்ளிட்டால், மென்பொருள் வரியின் இறுதியில் ‘நெல்லிவாசல்’ என்பதை நிறுத்தி, ‘நாடு’ என்பதை அடுத்த வரிக்குத் தள்ளிவிடக்கூடும். மலைப்பகுதியின் ஊர்த்தொகுதியைக் குறிக்கும் ‘நாடு’, வரியின் தொடக்கத்தில் தனித்து நின்றால், தேசத்தைக் குறிக்கும் சொல்லாகவே முதலில் வாசிக்கப்படும். பெயரை ஒரே சொல்லாக உள்ளிடுவது இப்பிழையைத் தவிர்க்கும்.

எண்கள் வேறு வகையில் ஏமாற்றுகின்றன. தொல்காப்பிய மரபில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை எனக் கொண்டால், எட்டு எழுத்துகளாலான ‘நெல்லிவாசல்நாடு’ எட்டரை மாத்திரை பெறுகிறது. திரையில் நான்கு இலக்கங்களாகத் தோன்றும் 1986, ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு’ என ஒலிக்கும்போது ஏறத்தாழ 17 மாத்திரை பெறுகிறது. கண்ணுக்குப் பாதியாகத் தெரிவது வாய்க்கு இருமடங்காகிறது. இலக்கம் உள்ள வரி குறுகியதாகத் தோன்றினாலும் அதை முடிக்க நெடுநேரம் ஆகிறது. எழுத்தை நகர்த்தும் இயக்குநர் பேசுபவரின் வேகத்தைப் பின்பற்றுபவர் ஆதலால், அவ்வரியில் அவர் திடீரென நகர்வைத் தளர்த்த நேர்கிறது. எண்ணைச் சொல்லால் எழுதினால் வரியின் தோற்றமும் ஒலிக்கும் காலமும் ஒத்துச் செல்லும்.

மாற்றியமைத்த வடிவம்

மேற்கூறிய நெறிகளின்படி எடுத்துக்காட்டுத் தொடர் பின்வருமாறு அமையலாம்:

புதூர்நாடு, /
நெல்லிவாசல்நாடு, /
புங்கம்பட்டுநாடு. //

மூன்றும் திருப்பத்தூர் மாவட்டத்தின் /
ஜவ்வாது மலை ஊராட்சிகள். //

இதே மலைத்தொடரில் இருக்கிறது /
காவலூர் வானாய்வகம். //

அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் விட்டம் /
இரண்டு புள்ளி மூன்று மீட்டர். //

அதைத் திறந்துவைத்தவர் /
அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி. //

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, /
ஜனவரி ஆறாம் நாள். //

தொலைநோக்கிக்குச் சூட்டிய பெயர் /
வைணு பாப்பு. //

ஒரு தொடர் ஏழாகியுள்ளது. ‘திறந்துவைக்கப்பட்டு’ என்னும் செயப்பாட்டு வினையெச்சம் ‘திறந்துவைத்தவர்’ என்னும் வினையாலணையும் பெயராகியுள்ளது. ‘இருக்கிறது காவலூர் வானாய்வகம்’ என வினை முன்வந்தது பேச்சு வழக்கின் வரன்முறை. இதனால் புதிய செய்தி குரல் அழுத்தம் பெறும் இறுதியில் நிற்கிறது. ஆயினும் சொற்கள் எழுத்து வழக்கினவே. இயல்பாக ஒலிக்கக் கொச்சை வழக்குத் தேவையில்லை. தொடரின் கட்டமைப்பு மாறினால் போதும். இரட்டைக்கோட்டுக்குப் பின் விடப்பட்ட வெற்று வரி, பேசுபவர் மூச்சு வாங்கும் நேரத்திலும் நகர்வு சீராகச் செல்ல இடமளிக்கிறது.

இவ்வடிவத்தில் இழப்பும் உண்டு. மூலத் தொடரில் வைணு பாப்பு ‘வானியலாளர்’ எனச் சுட்டப்பெற்றார். இங்கு அச்சொல் இல்லை. அவரை அறியாத கேட்பவர்க்கு அடுத்து ஒரு தனித்தொடர் தேவைப்படும். தொடரைப் பகுக்கும்போது அடைமொழிகள் உதிர்வது இயல்பு. எது உதிர்ந்தது என மூலத்துடன் ஒப்பிட்டறிவது எழுதுபவரின் கடமை. அன்றியும், எல்லாத் தொடரும் ஒரே நீளத்தில் அமைந்தால் பேச்சு பட்டியல் வாசிப்பாகிவிடும். நீண்ட பனுவலில் மூன்று, நான்கு வரிகள் கொண்ட தொடர்களும் இடையிடையே வர வேண்டும்.

சரிபார்க்கும் முறை

எழுத்துப்படியின் தகுதியை ஒரே பதிவைக் கொண்டு இருமுறை சோதிக்கலாம். முதலில் ஒலியை நிறுத்திக் காட்சியை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணின் பக்கவாட்டு நகர்வு தெரிந்தால் வரி நீண்டுள்ளது என்பது பொருள். அடுத்துக் காட்சியை மறைத்து ஒலியை மட்டும் கேட்டு, பேசுபவர் உண்மையில் மூச்சு வாங்கிய இடங்களைக் குறிக்காத படியொன்றில் குறிக்க வேண்டும். அவ்விடங்கள் இரட்டைக்கோடுகளுடன் ஒத்துப்போகாவிடின், திருத்த வேண்டியது பெரும்பாலும் அவ்விடத்துக்கு முந்தைய தொடரே. எழுத்தின் அளவை மாற்றினால் மென்பொருள் வரிகளைத் தானே மடிக்கும் என்பதால், இச்சோதனையைப் பதிவு நடைபெறும் கருவியிலேயே, அதே எழுத்தளவில் செய்ய வேண்டும்.

முடிவுரை

தமிழ் எழுத்துப்படியில் வரி முடியுமிடத்தைத் தீர்மானிப்பது பெயரெச்சமும் வினைமுற்றும் ஒற்றுமிகுதலும் மாத்திரையுமே என்பது எடுத்துக்காட்டுத் தொடரின் வழி பெறப்படுகிறது. இவை அனைத்தும் தமிழ் இலக்கணம் கற்பிக்கும் வகுப்பறையில் முன்னரே இடம்பெற்றுள்ளவை. ஊடகத் தமிழ்ப் பாடத்தில் மாணவர் தாம் எழுதிய தொடரை மூச்சுக்குறியிட்டு வாசித்துக் காட்டினால், பெயரெச்சம் எதை எதிர்நோக்கி நிற்கிறது என்பதை அவர்தம் குரலே உணர்த்திவிடும்.