சப்பாத்தில் குதி கழன்றால், விரல் நெரிந்தால்: லேஸ் கட்டும் முறையும் காலுறைத் தெரிவும்

வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்குப் பற்றை வெட்டுவதே முதல் வேலை. அந்தப் பற்றைக்குள் முட்கம்பி, உடைந்த ஓடு, போத்தல் துண்டு, காரைமுள் எல்லாம் கிடக்கும். அதனால்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குமாறு சொல்கிறோம். ஆனால் குதி உரசுகிறது, விரல் நோகிறது என்று பலர் மத்தியானத்துக்குள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலுடன் வேலையைத் தொடர்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் இதே காரணத்துக்காகச் சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

பெரும்பாலும் இதற்குப் புதுச் சப்பாத்துத் தேவையில்லை. நிவாரணமாகக் கிடைக்கும் சப்பாத்துக்கும் கடையில் வாங்கும் பாடசாலைச் சப்பாத்துக்கும் பொதுவாக நீளத்துக்கு மட்டுமே இலக்கம் உண்டு. அகலம் ஒன்றுதான். ஒடுக்கமான பாதத்துக்கும் அகன்ற பாதத்துக்கும் அதே சப்பாத்தைப் பொருத்த லேசும் காலுறையும் உதவும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எந்தச் சப்பாத்தும் மிதிவெடியிலிருந்து காப்பாற்றாது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள்ளும், வெடிபொருள் அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணிக்குள்ளும் இறங்க வேண்டாம்.

நோ எங்கே என்று பாருங்கள்

மாலையில் சப்பாத்தைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். குதியின் பின்புறம் சிவந்து, விரல்களின் நுனியும் நோகிறதா? அப்படியானால் பாதம் சப்பாத்துக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் குதி மேலே கழன்று உரசுகிறது, விரல்கள் முன்னே போய் இடிக்கின்றன. ஒடுக்கமான பாதம் உள்ளவர்களுக்கு இதுதான் வழமையான தொல்லை. சப்பாத்து நீளமாக இருந்தும் விரல் நுனி நோவது இதனால்தான்.

சின்னவிரலின் வெளிப்பக்கமும் பெருவிரலின் அடி மூட்டும் சிவந்திருந்தால் பாதம் பக்கவாட்டில் நெரிகிறது. இது அகன்ற பாதத்தின் தொல்லை.

அகன்ற பாதம் உள்ளவர்கள் இடம் தேடி ஒன்று, இரண்டு இலக்கம் பெரிய சப்பாத்தை எடுப்பது வழக்கம். ஓர் இலக்கம் கூடினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. நீளம் கூடியதும் சப்பாத்து மடியும் இடம் பாதம் மடியும் இடத்துக்கு முன்னே போய்விடும். அதனால் நடக்கும்போது குதி மேலே கிளம்பும். நெரிவுக்குப் பரிகாரம் தேடியவருக்குக் குதியில் கொப்புளம் வருவது இப்படித்தான்.

ஓர் ஈர்க்கும் ஒரு கடதாசியும்

அளப்பதற்கு மாலை நேரமே நல்லது. பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். எழுந்து நின்று குதியிலிருந்து நீளமான விரலின் நுனிவரை அளந்து ஓர் ஈர்க்கை முறியுங்கள். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இராது. பெரிய பாதத்தின் அளவை எடுங்கள். ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டு முன்னே முட்டவிட்டால், பின்னே ஒரு பெருவிரல் அகலத்துக்குக் கிட்ட இடைவெளி இருக்கவேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் சப்பாத்துச் சிறிது. லேசால் நீளத்தைக் கூட்ட முடியாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

பிறகு கடதாசியில் பாதத்தை ஊன்றி நின்று சுற்றிவரக் கோடு போட்டு வெட்டியெடுங்கள். அந்தக் கடதாசிப் பாதத்தைச் சப்பாத்துக்குள் தள்ளுங்கள். விரல் மூட்டுப் பக்கம் ஓரங்கள் மேலே மடிந்தால் உங்கள் பாதம் அந்தச் சப்பாத்துக்கு அகலம். இரு பக்கமும் இடைவெளி விட்டுத் தட்டையாகக் கிடந்தால் ஒடுக்கம்.

குதியைப் பிடிக்கும் கட்டு

ஐந்து சோடித் துளை உள்ள சப்பாத்தை வைத்துச் சொல்கிறோம். துளைகளை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள்.

1. வழமைபோல் குறுக்காகக் கோர்த்து, இரு முனைகளையும் நான்காம் துளைகளால் வெளியே எடுங்கள்.
2. ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்து ஐந்தாம் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுவதும் இழுக்க வேண்டாம். நான்காம் துளைக்கும் ஐந்தாம் துளைக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் நிற்கட்டும்.
3. இடது முனையை வலது வளையத்துக்குள்ளும், வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் விடுங்கள்.
4. சப்பாத்தைப் போட்டு, விரல்களை மேலே தூக்கிக் குதியை நிலத்தில் இரண்டு மூன்று தரம் தட்டுங்கள். பாதம் பின்னே போய்க் குதி தன் இடத்தில் இருக்கும்.
5. பாதம் அப்படியே இருக்க, முனைகளை முதலில் குதிப்பக்கமாகக் கீழே இழுத்து இறுக்கி, பிறகு மேலே எடுத்து முடிச்சுப் போடுங்கள்.

நான்காம் படியை விட்டுவிட வேண்டாம். பாதம் முன்னே தள்ளியிருக்கும்போது இறுக்கினால், அந்த இடத்திலேயே பூட்டியதாகிவிடும். கட்டி முடிந்ததும் இருபது அடி நடந்து பாருங்கள். புதுச் சப்பாத்தில் குதி மிகச் சிறிதளவு அசைவது வழமை. காலுறை உரசுவது தெரிந்தால் போதாது, இன்னும் இறுக்க வேண்டும். கணுக்காலின் முன்புறம் நொந்தாலோ விரல்கள் விறைத்தாலோ இறுக்கம் கூடிவிட்டது.

அகன்ற பாதத்துக்கு

குறுக்காகப் போகும் லேஸ் சப்பாத்தின் இரு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். ஆகவே அகலமான இடத்தில் குறுக்குப் போடக்கூடாது. முதற் சோடித் துளையை வெறுமையாக விடுங்கள். இரண்டாம் சோடியில் லேசை வெளியிலிருந்து உள்ளே விட்டு, ஒவ்வொரு முனையையும் அதே பக்கமாக உட்புறத்தால் ஏற்றி மூன்றாம் துளையால் வெளியே எடுங்கள். மூன்றிலிருந்து குறுக்காகக் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்து நான்காம் துளையால் உள்ளிருந்து வெளியே எடுங்கள். அதற்கு மேல் முன்னர் சொன்ன குதிக்கட்டு. இப்படிச் செய்தால் முன்பக்கம் விரியும், குதி பிடிபடும்.

துணிச் சப்பாத்தில் இதன் பலன் உடனே தெரியும். கடினமான தோற் சப்பாத்தில் குறைவு. விரல் மூடியின் இரு பக்கமும் கடினமாக இருந்து அங்கேயே நெரித்தால், லேஸ் அந்த இடத்தை எட்டாது. வேறு வடிவமான சப்பாத்தே தேவை.

காலுறை

ஒடுக்கமான பாதத்துக்குச் சற்றுத் தடித்த காலுறை நல்லது. அது மிச்ச இடத்தை நிரப்பும். அகன்ற பாதத்துக்கு மெல்லியது போடுங்கள். நெரியும் சப்பாத்துக்குள் கொப்புளத்துக்குப் பயந்து தடித்த காலுறை போட்டால் நெரிவுதான் கூடும்.

காலுறையின் குதிப்பை உங்கள் குதியிலேயே இருக்கவேண்டும். பிள்ளைக்குப் பெரிய காலுறை வாங்கினால் அந்தப் பை கணுக்காலுக்கு ஏறும். மிச்சத் துணி விரலடியில் சுருளும். அந்தச் சுருள் ஒரு சிறு கல்லைப்போல உரசும். விரல் நுனித் தையல் தடிப்பாக இருந்தால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போடலாம்.

தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் ஈரத்தை வைத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் சுலபமாகக் கொப்பளிக்கும். நைலோன் கலந்த பருத்தி விரைவாகக் காயும். எந்த வகையானாலும் இரண்டு சோடி வைத்திருந்து, மத்தியானம் மாற்றிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத காலுறையை மறுநாள் அப்படியே போட வேண்டாம்.

ஒரு வீட்டின் கணக்கு

தகப்பனும் மகளும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகப்பனின் பாத நீளத்துக்கு 7 ஆம் இலக்கம் போதும். அது சின்னவிரலை நெரித்ததால் 9 எடுத்தார். இப்போது சப்பாத்து ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் மிச்சம், குதியில் கொப்புளம். அவர் 8 ஆம் இலக்கத்துக்கு மாற்றி, முதற்துளையை விட்டு அகன்ற பாதக் கட்டைப் போட்டு, மெல்லிய காலுறை அணியவேண்டும். விரலும் நெரியாது, குதியும் கழலாது.

மகளின் பாதம் ஒடுக்கம். வளருவாள் என்று ஓர் இலக்கம் பெரிதாக வாங்கி, முன்னே பஞ்சு அடைத்திருக்கிறார்கள். பஞ்சு குதியைப் பிடிக்காது, விரலைத்தான் அமத்தும். அதை எடுத்துவிடுங்கள். லேசை இறுக்கும்போது துளை வரிசை இரண்டும் ஒன்றோடொன்று முட்டினால் அதற்கு மேல் இறுக்க இடமில்லை. அப்போது பழைய துணியை இரண்டு மூன்றாக மடித்துச் சப்பாத்தின் நாக்குக்கு அடியில் தைத்துவிடுங்கள். அது பாதத்தைப் பின்னே தள்ளிக் குதியை இருத்தும். அதன் மேல் குதிக்கட்டு, சற்றுத் தடித்த காலுறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈர்க்கால் அளந்து பாருங்கள். வளர வளரத் துணியையும் எடுத்துவிடலாம்.

நீரிழிவு உள்ளவர்கள்

நீரிழிவு உள்ள சிலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். நோகவில்லை என்பதால் சப்பாத்துப் பொருந்துகிறது என்று அவர்கள் எண்ணக்கூடாது. ஒவ்வொரு மாலையும் குதி, விரலிடை, உள்ளங்கால் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கவேண்டும். பார்வை குறைந்தவராயின் வீட்டார் பார்க்கட்டும்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தானாக உடைந்தால் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். சுற்றிவரச் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவருக்குத் தோல் உடைந்த அன்றே செல்லவேண்டும். காணியில் ஆணியோ கம்பியோ குத்தினால், காயம் சிறிதாக இருந்தாலும் ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்று அங்கே கேளுங்கள்.