வாசலை மட்டுமல்ல, வெளியேறும் வழியையும்

2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்கவில்லை. முகவரி சரியாக இருந்தது, பக்கம் வழக்கம்போல் வேலை செய்தது, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திய அந்த நேரத்தில், அவர்கள் நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்று baways.com என்ற வேறொரு முகவரிக்கும் போய்க்கொண்டிருந்தது. பெயர், முகவரி, கார்டு எண், கார்டின் பின்புறமுள்ள ரகசிய எண் எல்லாமே அந்த நகலில் இருந்தன.

இதைச் செய்தது வெறும் 22 வரி ஸ்கிரிப்ட். ரிஸ்க்ஐக்யூ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்து விளக்கினார்கள். மாடர்னைசர் என்பது பிரவுசரில் என்னென்ன வசதிகள் உண்டு என்று சோதிக்கும் ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. விமான நிறுவனத்தின் தளத்திலேயே இருந்த அந்தக் கோப்பின் அடியில் இந்த 22 வரிகளைத் திருடர்கள் ஒட்டிவிட்டார்கள். மவுஸ் பொத்தானிலிருந்து விரல் எடுக்கப்படும் கணத்தையும், தொடுதிரையிலிருந்து விரல் எடுக்கப்படும் கணத்தையும் அந்த வரிகள் கவனித்துக்கொண்டிருந்தன. உடனே படிவத்தில் உள்ளதை அள்ளி, அரை நொடி கழித்து வெளியே அனுப்பின. தொடுதிரையையும் சேர்த்துக்கொண்டதால் நிறுவனத்தின் செல்பேசிச் செயலியில் பணம் கட்டியவர்களும் சிக்கினார்கள்.

பிரவுசர் ஏன் தடுக்கவில்லை? தடுக்க அதற்கு எந்தக் காரணமும் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் பிரவுசர் ஒரே உரிமையைத்தான் கொடுக்கிறது. தளத்தின் பொறியாளர் எழுதியதா, விளம்பர நிறுவனம் அனுப்பியதா, திருடன் நுழைத்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாமே படிவத்தைப் படிக்கலாம். படித்ததை எந்த முகவரிக்கும் அனுப்பலாம். வேறொரு தளத்திலிருந்து வரும் பதிலைப் படிப்பதற்குத்தான் பிரவுசரில் கட்டுப்பாடு உண்டு. அங்கே அனுப்புவதற்கு இல்லை. திருடனுக்குப் பதில் தேவையே இல்லை. கார்டு எண் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஒரு வரி விதி

இந்த இடத்தில்தான் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை வருகிறது. சுருக்கமாக சி.எஸ்.பி. என்பார்கள். சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது, பக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஹெடர் எனப்படும் சில வரிகளையும் அனுப்புகிறது. அவை வாசகர் கண்ணுக்குத் தெரியாது, பிரவுசருக்கான குறிப்புகள். அவற்றோடு இன்னும் ஒரு வரி சேர்ப்பதுதான் சி.எஸ்.பி. 2011-இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 இதை முதலில் கொண்டுவந்தது. இன்று எல்லா முக்கிய பிரவுசர்களும் இதற்குக் கட்டுப்படுகின்றன. பணம் செலுத்தும் ஒரு பக்கத்துக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Content-Security-Policy: default-src 'self';
  connect-src 'self'; img-src 'self';
  form-action 'self'; report-uri /csp-report
```

இங்கே வாசிக்க வசதியாக மடித்திருக்கிறேன். சர்வர் இதை ஒரே வரியாகத்தான் அனுப்பும். `'self'` என்றால் இந்தத் தளம் மட்டும். முதல் விதி பொதுவானது: தனியாகச் சொல்லப்படாத எதுவும், ஸ்கிரிப்ட் உட்பட, இந்தத் தளத்திலிருந்தே வர வேண்டும். `connect-src` என்பது ஸ்கிரிப்டுகள் எந்த முகவரிகளோடு தொடர்பு கொள்ளலாம் என்பதைச் சொல்கிறது. `img-src` படங்களுக்கானது, `form-action` படிவங்கள் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு. கடைசி விதி, யாராவது இவற்றை மீற முயன்றால் எந்த முகவரிக்குத் தகவல் தர வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்கிறது.

இந்த வரி அந்த ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று படிப்படியாகப் பார்ப்போம். மாடர்னைசர் கோப்பு தளத்தின் சொந்தக் கோப்பு. ஆகவே அது தடையின்றி உள்ளே வரும். 22 வரிகளும் ஓடும். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துவார், படிவம் அள்ளப்படும். இதுவரை சி.எஸ்.பி. எதையும் தடுக்கவில்லை. அதன் பிறகு ஸ்கிரிப்ட் baways.com-ஐத் தொடர்பு கொள்ள முயலும்போது, பிரவுசர் அந்த முகவரியை `connect-src` பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லை. கோரிக்கை கணினியை விட்டு வெளியேறாது. பிரவுசரின் கன்சோலைத் திறந்து பார்ப்பவருக்கு அந்தத் தொடர்பு தடுக்கப்பட்டதைச் சொல்லும் பிழைச் செய்தி தெரியும். ஜவுளிக்கடை வாசலில் பில்லைப் பார்த்துப் பையை வெளியே விடும் காவலரின் வேலை இது. உள்ளே வந்தவர் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெளியே போவது என்ன என்று தெரிந்தால் போதும்.

அந்தத் தடையைவிடவும் அதோடு கூடவே போகும் தகவலை நான் பெரிதாக நினைக்கிறேன். எந்தப் பக்கத்தில், எந்த விதி மீறப்பட்டது, எந்த முகவரி தடுக்கப்பட்டது என்ற மூன்றையும் பிரவுசர் தளத்துக்கு எழுதி அனுப்பும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் நடத்திய விசாரணையின்படி, திருடர்கள் நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்தது ஜூன் 22-ஆம் தேதி. செப்டம்பர் 5-ஆம் தேதி வெளியார் ஒருவர் சொல்லித்தான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாகிவிட்டன. 2020 அக்டோபரில் விதிக்கப்பட்ட அபராதம் 2 கோடி பவுண்டு. இந்த விதியும், வரும் தகவலைப் படிக்க ஓர் ஆளும் இருந்திருந்தால், முதல் வாடிக்கையாளரின் பிரவுசரே அன்றே மணி அடித்திருக்கும்.

நுழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் ஓடாமல் இருக்க

பிரிட்டிஷ் ஏர்வேஸில் நடந்தது கோப்பையே மாற்றிய திருட்டு. இதைவிடப் பரவலானது வேறொரு வழி. பெயர் கேட்கும் பெட்டியிலோ தேடும் பெட்டியிலோ ஒருவர் பெயருக்குப் பதிலாக ஸ்கிரிப்டை எழுதிவிடுகிறார். தளம் அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பக்கத்தில் காட்டினால், அது எழுத்தாகத் தெரியாமல் நிரலாக ஓடும். இங்கே அது ஓடுவதையே சி.எஸ்.பி. நிறுத்த முடியும். பக்கத்துக்குள் நேராக எழுதப்பட்ட எந்த ஸ்கிரிப்டையும், குறிப்பாக அனுமதித்தாலொழிய, பிரவுசர் ஓட்டாது. அனுமதிப்பதற்கு நல்ல வழி, சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் ஊகிக்க முடியாத ஒரு குறியீடு. அதற்கு நான்ஸ் என்று பெயர்.

```
Content-Security-Policy: script-src 'nonce-k7Qz93Lw0aXr5TnB'

<script nonce="k7Qz93Lw0aXr5TnB"> ... </script>
```

தளத்தின் சொந்த ஸ்கிரிப்டுகளில் மட்டும் இந்தக் குறியீடு இருக்கும். நேற்று ஒரு பெட்டியில் ஸ்கிரிப்டை எழுதி வைத்தவனுக்கு இன்றைய குறியீடு தெரியாது. ஆகவே அவன் எழுதியது ஓடாது. ஒரே குறியீட்டை எல்லாப் பக்கங்களுக்கும் எல்லா நாளும் வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

நடைமுறையில் பல தளங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய தளங்களில் ஸ்கிரிப்டுகள் பக்கமெங்கும் இறைந்து கிடக்கும். சி.எஸ்.பி.யை இட்டதும் மெனு திறக்காது, பொத்தான் வேலை செய்யாது. அவசரத்தில் யாராவது `'unsafe-inline'` என்ற சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். நான்ஸ் இல்லாத கொள்கையில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், பக்கத்துக்குள் எழுதப்பட்ட எதுவும் ஓடலாம் என்று ஆகிவிடும். உடைந்ததெல்லாம் சரியாகும், திருடனின் ஸ்கிரிப்டும் சரியாக ஓடும். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கிரிப்டுகளைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94 விழுக்காட்டுக்கும் அதிகமானவை பயனற்றவை என்று கண்டார்கள். உங்கள் தளத்தில் எப்படி என்று பார்க்க, பிரவுசரில் F12 அழுத்தி, Network பகுதியில் பக்கத்தின் ஹெடர்களைத் திறந்தால் போதும். `script-src` விதியில் அந்தச் சொல் மட்டும் இருந்து நான்ஸ் இல்லையென்றால், நுழைக்கப்பட்ட ஸ்கிரிப்டைத் தடுக்க உங்களிடம் எதுவும் இல்லை.

எதைத் தடுக்காது

சி.எஸ்.பி. முகவரியைப் பார்க்கிறது, அந்த முகவரியில் உள்ள கணக்கு யாருடையது என்று பார்ப்பதில்லை. 2020-இல் சில திருடர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பல கடைகளின் கொள்கை கூகுள் அனலிட்டிக்ஸை அனுமதித்திருந்தது. திருடர்கள் அதிலேயே தங்களுக்கென்று கணக்கு தொடங்கி, கார்டு விவரங்களை அந்தக் கணக்குக்கு அனுப்பினார்கள். பிரவுசருக்கு அது அனுமதிக்கப்பட்ட முகவரிதான். ஆகவே பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு புதிய வழி. பணம் செலுத்தும் பக்கத்துக்குப் பார்வையாளர் கணக்கெடுப்பு உண்மையிலேயே தேவையா என்று கேட்டு, தேவையில்லாததை எடுத்துவிடுவதுதான் தீர்வு.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஸ்கிரிப்ட் ஒன்று முழுப் பக்கத்தையே வேறு தளத்துக்குத் திருப்பி, திருடிய விவரத்தை அந்த முகவரியிலேயே ஒட்டி அனுப்பலாம், அதை சி.எஸ்.பி. தடுக்காது. ஆனால் அப்போது வாடிக்கையாளர் கண்முன்னே பக்கம் மாறும், திருட்டு அமைதியாக நடக்காது. இரண்டாவது, கோப்பை மாற்ற முடிந்தவன் ஹெடரையும் மாற்ற முடியலாம். அதனால் கோப்புகள் இருக்கும் சர்வரிலேயே ஹெடரை இடாமல், அதற்கு முன்னால் நிற்கும் தனி ப்ராக்ஸியில், வேறு கடவுச்சொல்லுக்குள் இடுவது நல்லது. கார்டு துறையின் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதிகளின் நான்காம் பதிப்பும், 2025 மார்ச் 31-க்குப் பிறகு, பணம் செலுத்தும் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளோடு அதன் பாதுகாப்பு ஹெடர்களும் அனுமதியின்றி மாறுகின்றனவா என்று கண்காணிக்கச் சொல்கிறது.

எங்கே தொடங்குவது

முழுத் தளத்துக்கும் ஒரே நாளில் கொள்கை எழுத முயன்றவர்கள்தான் கடைசியில் `'unsafe-inline'`-இல் போய் முடிகிறார்கள். பணம் செலுத்தும் பக்கம், கடவுச்சொல் கேட்கும் பக்கம் என்று திருட்டுக்குப் பயன்படும் ஒன்றிரண்டு பக்கங்களில் தொடங்கலாம். முதலில் தடை எதுவும் இல்லாமல், `Content-Security-Policy-Report-Only` என்ற பெயரில் அதே விதிகளை இட வேண்டும். பிரவுசர் எதையும் நிறுத்தாது. மீறல்களை மட்டும் சொல்லும். சில வாரங்களில் குவியும் தகவல்களில் `chrome-extension` என்று தொடங்குபவை பெரும்பாலும் வாடிக்கையாளரின் பிரவுசரில் உள்ள கூடுதல் செயலிகளால் வருபவை, அவற்றை ஒதுக்கலாம். மீதி உள்ள ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரைத் தேட வேண்டும். நம்முடைய ஸ்கிரிப்ட் என்றால் திருத்திக்கொள்ளலாம், பட்டியலில் சேர்க்கலாம். சொந்தக்காரர் யாரும் கிடைக்காத முகவரி ஒன்று மிஞ்சினால், தடையை இடும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. திருட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கலாம்.